கல்வி அறக்கட்டளைத் தணிக்கையில் உங்கள் மனதை விட்டுப் போகாத வவுச்சர் எது?

கயல், ஈரோடு

ஆர்ட்டிகிள்ஷிப்பில் இரண்டாவது வருடம். ஓர் அறக்கட்டளை நடத்தும் பொறியியல் கல்லூரிக்கு ஆடிட் போயிருந்தோம். முதல் பட்டதாரி சலுகை உங்களுக்குத் தெரிந்ததுதான். கவுன்சிலிங்கில் வந்த பிள்ளைக்கு அங்கே கட்டணம் 50,000, அதில் 25,000-ஐ அரசே கல்லூரிக்குத் தந்துவிடும். ஆனால் அந்தக் கல்லூரியில் சேர்க்கும்போதே முழு 50,000-ஐயும் வாங்கிக்கொள்வார்கள். அரசுப் பணம் வந்ததும் திருப்பித் தருவதாகச் சொல்வார்கள். பணம் வர ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. 64 பேருக்கு 16 லட்சம், ஒரே நாளில் வங்கியில் வரவு. பேரேட்டில் 'மாணவர்களுக்குத் தர வேண்டியது' என்று ஒரு கணக்கு. இரண்டே மாதத்தில் அந்தக் கணக்கில் பாக்கி இல்லை. 64 வவுச்சர், அத்தனையும் ரொக்கம், ஒவ்வொன்றிலும் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து.

கூட்டல் சரியாக வந்தது, டிக் போட்டுவிட்டேன். அன்று காலைதான் மாணவர் எண்ணிக்கைக்காக டி.சி. பதிவேட்டைப் பார்த்திருந்தேன், அது மேஜையிலேயே கிடந்தது. வவுச்சரில் ஒரு பெண்ணின் பெயர் கண்ணில் பட்டது. அவள் ஜூனிலேயே டி.சி. வாங்கிப் போய்விட்டாள். பதிவேட்டில் தமிழில், உருண்டையான எழுத்தில், இனிஷியல் இல்லாமல் கையெழுத்து. நவம்பர் வவுச்சரில் ஆங்கிலத்தில், இனிஷியலோடு, ஒரே இழுப்பில் கையெழுத்து. படிப்பை விட்டுப் போன மற்றவர்களையும் தேடி எடுத்தேன். மொத்தம் 11 பேர். ஒன்பது கையெழுத்து ஒத்துப்போகவில்லை.

கணக்காளரிடம் கேட்டால் "அவங்க அப்பா வந்து வாங்கிட்டுப் போனாரும்மா" என்றார். அப்பாவின் கையெழுத்தாகவும் அது இல்லை, அதிகாரக் கடிதமும் இல்லை. நான் எழுதிய பாயின்ட் கடைசியில் மேனேஜ்மென்ட் லெட்டரில் "ரொக்கப் பட்டுவாடாவுக்குப் போதிய ஆதாரம் பராமரிக்க வேண்டும்" என்று ஒரே வரியாகிவிட்டது. அந்த உருண்டை எழுத்து இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பாலா, சி.ஏ. இன்டர்

உங்கள் சீனியர் பெரிய விஷயத்தை விட்டுவிட்டார். 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அறக்கட்டளைக்கு அது செலவாகவே ஏற்கப்படாது. 16 லட்சமும் அடிபடும், வரிவிலக்குக்காகக் காட்டும் 85 சதவீதம் செலவழித்த கணக்கே உடைந்துபோகும். கையெழுத்தெல்லாம் அப்புறம். முதலில் இதை எழுதியிருக்க வேண்டும்.

நெல்லை அம்மா

எங்கள் பையனுக்கும் இதே கதைதான். முதல் பட்டதாரி சான்றிதழ் கொடுத்தும் முழுக் கட்டணமும் கேட்டார்கள். நகை வைத்துக் கட்டினோம். இப்போது மூன்றாம் வருடம். கேட்கும்போதெல்லாம் "அரசிடமிருந்து வரவில்லை" என்கிறார்கள். ஆடிட்டருக்கு நான் கடிதம் எழுதினால் அவர் வாங்கித் தருவாரா? இங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பழைய பேரேடு

பாலா தம்பி, 10,000 விதி உண்மைதான், ஆனால் அது செலவுக்கு. இது செலவே இல்லை. அதிகமாக வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுப்பது கடனை அடைப்பது மாதிரி, வரவுசெலவுப் பக்கத்துக்கே வராது. கயல் பிடித்ததுதான் சரியான இடம். கொடுத்ததாக எழுதிய பணம் போய்ச் சேரவில்லை என்றால் அந்தக் கடன் இன்னும் நிற்கிறது, பேலன்ஸ் ஷீட் பொய் சொல்கிறது. பணம் உள்ளுக்குள்ளேயே யாரிடமாவது போயிருந்தால் அது இன்னும் பெரிய விஷயம்.

அம்மா, ஆடிட்டர் வாங்கித் தர முடியாது, அவருக்கு அந்த அதிகாரம் இல்லை. ஆனால் பணம் வந்தபோது எந்தெந்த மாணவருக்கு எவ்வளவு என்று ஒரு பட்டியலும் வந்திருக்கும். எந்த ஆண்டுக்கான பட்டியலில் உங்கள் மகன் பெயர் இருக்கிறது என்று கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள். கட்டிய ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். ரசீதுத் தொகையும் அரசு தந்ததும் சேர்ந்து நிர்ணயித்த கட்டணத்தைத் தாண்டினால், தாண்டிய தொகை உங்களுடையது. உங்கள் கணக்கில் 50,000-மும் 25,000-மும் சேர்ந்து 75,000 என்றால் 25,000 திரும்ப வர வேண்டும். ஆடிட்டரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இதே கூட்டலைத்தான் போட வேண்டும்.

என் விஷயத்தைச் சொல்கிறேன். ஒரு பள்ளி அறக்கட்டளை. ஒரு முன்னாள் மாணவர் தன் அம்மா பெயரில் 5 லட்சம் கொடுத்திருந்தார். முதலைத் தொடக்கூடாது, வட்டியில் இரண்டு பிள்ளைகளுக்கு ஆளுக்குப் பத்தாயிரம் என்று நிபந்தனை. பேலன்ஸ் ஷீட்டில் ஒரு பக்கம் நிதி 5,00,000, மறுபக்கம் வைப்புத்தொகை 5,00,000. பார்க்க அழகாக இருந்தது. வட்டி 7 சதவீதம், அதாவது 35,000. அது மொத்தமும் பொது வருமானத்தில் போயிருந்தது. பிள்ளைகளுக்குக் கொடுத்த 20,000 பொதுச் செலவில். மீதி 15,000 நிதியோடு சேராமல் ஆண்டுதோறும் பொதுக் கணக்கில் கரைந்துகொண்டிருந்தது. எட்டு வருடம் அப்படியே ஓடியிருக்கிறது, 1,20,000.

அதைக்கூடப் பதிவு திருத்திச் சரிசெய்துவிடலாம். வங்கியிடமிருந்து நேரடியாக உறுதிக் கடிதம் வாங்கினேன். அதில் அந்த வைப்புத்தொகைக்கு எதிரே 'லியன்' என்று இருந்தது. ஆசிரியர் சம்பளத்துக்கு எடுத்த ஓவர்டிராஃப்டுக்கு அந்த அம்மா பெயரிலிருந்த பணத்தை அடமானம் வைத்திருந்தார்கள். பள்ளி காட்டிய ரசீது நகலில் அது தெரியவில்லை. செயலாளர் நல்லவர்தான், சம்பளம் தாமதமாகக் கூடாது என்று செய்ததாகச் சொன்னார். நன்கொடை கொடுத்தவருக்கு அவர் இன்றுவரை சொல்லவில்லை.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கட்டண வசூலை ரசீதிலிருந்து பார்க்கத் தொடங்காதீர்கள். போடாத ரசீது எந்தக் கட்டிலும் இருக்காது. வகுப்பு வருகைப் பதிவேட்டை எடுங்கள். எட்டாம் வகுப்பில் 42 பிள்ளை, கட்டணம் 18,000 என்றால் டிமாண்ட் 7,56,000. அதில் சலுகையைக் கழித்து, வசூலைக் கழித்து, பாக்கி எவ்வளவு என்று டிமாண்ட், வசூல், பாக்கி மூன்றையும் காட்டும் டி.சி.பி. பட்டியலோடு ஒப்பிடுங்கள். பாக்கிப் பட்டியலில் உள்ள நான்கு பெற்றோரை நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். ஒரு முறை இரண்டு பேர் "கட்டிட்டோமே சார்" என்று ரசீதைக் காட்டினார்கள். அந்த எண்ணுள்ள ரசீதுப் புத்தகமே இருப்புப் பதிவேட்டில் ஏறவில்லை.

ஆபீஸ் தேவி, தஞ்சாவூர்

பேரேடு சார், 'சலுகையைக் கழித்து' என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். பள்ளி அலுவலகத்தில் பதினாலு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். தாளாளர் போனில் சொல்வார், "அந்தப் பையனுக்கு ஐயாயிரம் குறைச்சுக்கோம்மா." கையெழுத்துப் போட்டு ஒரு தாள் தர மாட்டார். டி.சி.பி.-யில் அது பாக்கியாகவே நிற்கும். மார்ச்சில் தள்ளுபடி என்று ஒரு ஜர்னல். செப்டம்பரில் மூன்று நாள் வருகிற ஆடிட்டர் பையன்கள் "இந்தப் பணம் எங்கே மேடம்?" என்று என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஒரு வருடம் 83,000 என் தலையில் நின்றது. அதற்குப் பிறகு ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, நேரம், பிள்ளையின் பெயர், குறைத்த தொகை. மாதக் கடைசியில் அவர் முன்னால் வைத்துக் கையெழுத்துக் கேட்பேன். பாதி மாதம் போடுவார், பாதி மாதம் "அப்புறம் பார்க்கலாம்" என்பார்.

கயல், அந்தக் கணக்காளர் தானே எடுத்தாரா, யாராவது சொல்லிக் கையெழுத்துப் போட்டாரா என்று பார்த்தீர்களா?

கயல், ஈரோடு

இல்லை அக்கா, பார்க்கவில்லை. ரொக்கப் புத்தகத்தில் 64 வவுச்சரும் நான்கே நாளில் ஏறியிருந்தது. அதற்கு முந்தைய வாரம் வங்கியிலிருந்து 16 லட்சத்தையும் செல்ஃப் செக்கில் எடுத்திருந்தார்கள். செக்கில் யார் யார் கையெழுத்து என்று நான் கேட்கவே இல்லை. அடுத்த ஆடிட்டுக்கு அந்தக் கல்லூரிக்கு வேறு பையனை அனுப்பினார்கள்.