எத்தனை பக்கம் என்று சொல்லாத தரவில் தேதியைத் தேடியவர்கள், அனுபவத்தைப் பகிருங்கள்

நீர்மானி

மழைமானிப் பதிவுகளை ஒரு ஏபிஐ வழியாக எடுப்பது என் வேலை. பக்கத்துக்கு 100 பதிவுகள், பழையது முதலில், தேதி வரிசையில் வரும். மொத்தம் எத்தனை பக்கம் என்று அது சொல்லாது, தேதி கொடுத்து வடிகட்டவும் விடாது. கடைசிப் பக்கத்தைத் தாண்டிக் கேட்டால் காலிப் பட்டியல் வரும், அவ்வளவுதான்.

குறிப்பிட்ட ஒரு தேதி எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பைனரி தேடலுக்கு மேல் எல்லை தேவை, அது என்னிடம் இல்லை. அதனால் எக்ஸ்போனென்ஷியல் சர்ச் முறையில் 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய், தேதியைத் தாண்டிய பக்கமோ காலிப் பக்கமோ வந்ததும் நிறுத்துகிறேன். அதற்கும் முந்தைய பாய்ச்சலுக்கும் நடுவில் மட்டும் பைனரி தேடல்.

```python
def find_page(target):
    hi = 1
    while not reached(hi, target):
        hi *= 2
    lo = hi // 2
    while hi - lo > 1:
        mid = (lo + hi) // 2
        if reached(mid, target):
            hi = mid
        else:
            lo = mid
    return hi
```

பக்கம் காலியாக இருந்தாலும், அதன் கடைசிப் பதிவின் தேதி நாம் தேடும் தேதியை எட்டியிருந்தாலும் `reached` உண்மை என்று சொல்லும். நான் தேடிய தேதி 700ஆம் பக்கத்தில் இருந்தது. 1 முதல் 512 வரை பத்துக் கேள்விக்கும் "இன்னும் இல்லை". 1024 காலி. அப்புறம் 768, 640, 704, 672, 688, 696, 700, 698, 699. மொத்தம் 20 கேள்வியில் முடிந்தது. ஒவ்வொரு பக்கமாகப் போயிருந்தால் 700 கேள்வி. இதே மாதிரி வேலை செய்தவர்கள் உங்களுக்கு எங்கே இடித்தது என்று சொல்லுங்கள்.

விடியல்

இவ்வளவு சுற்ற வேண்டுமா? மேல் எல்லையை 10 லட்சம் என்று வைத்துவிட்டு நேராக பைனரி தேடல் போடுங்கள். பத்து லட்சத்தை இருபது தடவை பாதியாக்கினால் ஒன்றாகிவிடும். அதுவும் 20 கேள்விதான்.

பொறுமை

விடியல், இந்தக் கணக்கு 700ஆம் பக்கத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது. தேதி 5ஆம் பக்கத்தில் இருந்தால் பாருங்கள். இரட்டிப்பில் 1, 2, 4, 8, பிறகு 6, 5, ஆறே கேள்வி. உங்கள் முறையில் அப்போதும் 20. தேதி 10 லட்சத்துக்கு அப்பால் இருந்தாலோ, உங்கள் நிரல் எந்தப் பிழையும் காட்டாமல் தவறான பக்கத்தைக் கொடுத்துவிடும்.

இன்னொன்று, எல்லாக் கேள்விக்கும் ஒரே விலை இல்லை. பின்னால் இருக்கும் தரவுத்தளம் `OFFSET` வைத்துப் பக்கம் பிரித்தால், 700ஆம் பக்கத்தைக் கொடுக்க அதற்கு முந்தைய 69,900 வரிகளையும் கடந்துதான் வர வேண்டும். நீர்மானியின் 20 கேள்விக்கும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன், சுமார் 8 லட்சம் வரி. ஒவ்வொரு பக்கமாகப் போனால் 2.45 கோடி. கேள்வி எண்ணிக்கையில் தெரிகிற 35 மடங்கு லாபம் சர்வர் பக்கத்தில் 30 மடங்கு அளவுக்கு வருகிறது. விடியல் சொல்கிறபடி முதல் கேள்வியே 5 லட்சமாவது பக்கம் என்றால், சர்வர் இருக்கிற எல்லா வரியையும் கடந்து போய் காலிப் பட்டியலைத் தரும். எல்லை நெருங்கும் வரை அடுத்தடுத்த கேள்விகளுக்கும் அதே கதி. இரட்டிப்பில் தேவையான இடத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஒருபோதும் போக மாட்டோம். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கரிசல்

எனக்கு முன்னால் இருந்தவர்கள் எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்றில் இதே தேடல் இருந்தது. ஒரே தேதிக்கு ஒரு நாள் ஒரு பக்கம், மறுநாள் வேறு பக்கம் என்று விடை மாறிக்கொண்டிருந்தது. காரணம், சர்வரிடமிருந்து 200 தவிர எது வந்தாலும் "காலிப் பக்கம்" என்று எடுத்துக்கொண்டார்கள். வேகமாகக் கேட்டால் சர்வர் 429 அனுப்பும். 64ஆம் பக்கத்தில் 429 வந்தால் நிரல் அதையே தரவின் முடிவு என்று நம்பி, 32க்கும் 64க்கும் நடுவில் தேட ஆரம்பிக்கும்.

அதைக் கண்டுபிடிக்க உதவிய அடையாளத்தைச் சொல்லியாக வேண்டும். தவறான விடைகள் பெரும்பாலும் 64, 128, 256 என்றே வந்தன. நடுவில் கேட்ட பக்கங்கள் எல்லாம் உண்மையாகவே பழைய தேதி. அதனால் `lo` மட்டும் ஏறிக்கொண்டே போகிறது, `hi` நகரவே இல்லை. விடை இரண்டின் அடுக்காக வந்தால் நான் இப்போது உடனே சந்தேகப்படுவேன். சரியான விடையும் அபூர்வமாக 256ஆக இருக்கலாம். அதனால் கடைசியில் அந்தப் பக்கத்தையும் அதற்கு முந்தையதையும் மறுபடி எடுத்துத் தேதியை ஒப்பிட்டுவிடுவேன். 429 வந்தால் காத்திருந்து அதே பக்கத்தையே திரும்பக் கேட்க வேண்டும். 200 வந்து, பட்டியலும் காலியாக இருந்தால்தான் முடிவு.

பொறுமை

கரிசல் சொன்ன தவறு எலாஸ்டிக்சர்ச்சிலும் நடக்கும், ஆனால் அடையாளம் வேறு. அங்கே `index.max_result_window` இயல்பாக 10,000. பக்கத்துக்கு 100 என்றால் 100ஆம் பக்கம் வரை சரி. இரட்டித்துப் போகும்போது 64க்கு அடுத்து 128 கேட்போம், பிழை வரும். அதை முடிவு என்று எடுத்துக்கொண்டால், நடுவில் 101 முதல் எதைக் கேட்டாலும் பிழைதான். அப்போது விடை 128 ஆகாமல் 101இல் வந்து நிற்கும். இரண்டின் அடுக்கு மட்டும் அடையாளம் என்று இருந்துவிட வேண்டாம். நிறைய தேதிகளுக்கு ஒரே பக்கம் விடையாக வந்தாலும் சந்தேகப்படுங்கள்.

ஆழி

என் வேலையில் பக்கமே இல்லை, ஆனால் இதையே செய்கிறேன். நேற்று வரை ஓடிய ஒன்று இன்று ஓடவில்லை என்றால் `git bisect` போடுவோம், ஆனால் கடைசியாக நன்றாக இருந்த கமிட் எது என்று யாருக்கும் தெரியாது. அதனால் `HEAD~1`, `HEAD~2`, `HEAD~4` என்று பின்னால் போய்ச் சோதிப்பேன். `HEAD~32` கெட்டது, `HEAD~64` நல்லது என்று தெரிந்ததும்:

```
git bisect start HEAD~32 HEAD~64
```

கெட்டது முதலில், நல்லது அடுத்து. `HEAD` என்றே கொடுக்கிறவர்கள் ஏற்கெனவே தெரிந்துகொண்ட பாதியை வீணாக்குகிறார்கள். எங்கள் இடத்தில் ஒரு சோதனைக்கு பில்டே அரை மணி நேரம் ஓடும், அதனால் ஒரு கேள்வி மிச்சமானாலும் பெரிது.

விடியல்

சரி, பொறுமை சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இரண்டால் ஏன் பெருக்க வேண்டும்? நான்கால் பெருக்கினால் முதல் கட்டம் பாதியாகிவிடுமே.

பொறுமை

ஆகும். 700க்கு 1, 4, 16, 64, 256, 1024, ஆறு கேள்வி. ஆனால் பைனரி தேடல் 256க்கும் 1024க்கும் நடுவில் நடக்கும், அங்கே ஒன்பது அல்லது பத்துக் கேள்வி ஆகும். மொத்தத்தில் குறைவுதான், மறுக்கவில்லை. தேடும் தேதி 257ஆம் பக்கத்தில் இருந்தாலும் 1024 வரை போய் இடிப்போம் என்பதுதான் அதன் விலை. கேள்விகளுக்கு எல்லாம் ஒரே செலவு என்றால் நான்கு நல்லது. ஆழத்துக்கு ஏற்பச் செலவு ஏறினால் நான் இரண்டோடு நிற்பேன். நீர்மானியின் சர்வர் எந்த வகை என்று அளந்து பார்த்தால்தான் சொல்ல முடியும்.

நீர்மானி

8ஆம் பக்கத்துக்கும் 512ஆம் பக்கத்துக்கும் பதில் வரும் நேரத்தை அளந்து போடுகிறேன். கரிசலின் சோதனையை இன்றே சேர்த்துவிட்டேன்.

எனக்கு இன்னும் தீராதது வேறு. சில நிலையங்களில் சிக்னல் போய், பதிவுகள் இரண்டு நாள் கழித்து மொத்தமாக வந்து சேரும். ஏபிஐ அவற்றை வந்து சேர்ந்த வரிசையில் வைக்கிறதா, மழை அளந்த தேதி வரிசையில் நடுவே செருகுகிறதா என்பது தெளிவாக இல்லை. வந்த வரிசை என்றால் தேதி ஏறுவரிசையாகவே இருக்காது, இந்தத் தேடலின் அடிப்படையே போய்விடும். இப்போதைக்குக் கிடைத்த பக்கத்துக்கு முன்னும் பின்னும் சில பக்கங்களை முழுதாகப் படித்துக்கொள்கிறேன். எத்தனை பக்கம் போதும் என்று யாராவது முடிவு செய்திருக்கிறீர்களா?

கரிசல்

தாமதம் அதிகபட்சம் எவ்வளவு என்று தெரிந்தால் அதைப் பக்கமாக மாற்றிவிடலாம். எங்கள் கருவிகளில் அதற்கு உச்சவரம்பே கிடையாது, அதனால் வந்து சேர்ந்த நேரத்தை வைத்தே தேடுகிறோம். உங்கள் பதிவில் அந்த நேரம் தனிப் புலமாக வருகிறதா?