புதுப்பிப்பு: வீட்டுக்கடன் வட்டியைக் குறைக்கக் கேட்டது

என் முந்தைய கேள்வி: "ஆறு ஆண்டுகளாக ஒரு தவணையும் தவறவில்லை, இதைச் சொல்லி வட்டியைக் குறைக்கக் கேட்கலாமா?"

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. சிபில் மதிப்பெண் 750ஐத் தாண்டினால் வட்டி தானாகவே குறையும் என்று ஒருவர் எழுதியது எங்கள் கிளையில் எடுபடவில்லை. புதிய கடன்களுக்குத்தான் அது பொருந்தும் என்றார் மேலாளர். பலன் தந்தது முன்னாள் வங்கி ஊழியரின் யோசனை: கடன் கணக்கு அறிக்கையுடன் வேறொரு வங்கியின் சலுகைக் கடிதத்தையும் இணைத்து, கடனை மாற்றிக்கொள்வதற்காக நிலுவைச் சான்று கேட்டேன். மூன்றாம் நாள் எங்கள் வங்கியினரே அழைத்து, வட்டியை மாற்றுவதற்கான கட்டணம் பெற்றுக்கொண்டு, 9.15 சதவீதத்தை 8.40 ஆக்கினர்.

எதிர்பாராதது, தவணைத் தொகை குறையாமல், மீதமிருந்த 168 மாதங்கள் ஏறத்தாழ 156 ஆனதுதான். தொகையைக் குறைக்க விரும்புவோர் அதைத் தனியாக எழுதிக் கேட்க வேண்டுமாம்.