5 லட்சம்: ஒரே எஃப்டியா, பிரிச்சு அஞ்சா?

கோவை செல்வி: அப்பா ரிட்டயர் ஆன பணத்துல 5 லட்சம் பேங்க்ல போடணும். ஆஸ்பத்திரிச் செலவு எப்ப வரும்னு தெரியாது. மொத்தமா 5 வருஷ எஃப்டி போடலாமா, இல்ல 1, 2, 3, 4, 5 வருஷம்னு லட்சம் லட்சமா பிரிக்கலாமா? முதிர முதிர ஒவ்வொண்ணையும் 5 வருஷத்துக்கு மாத்திப் போடுறதா யோசனை.

மதுரை பாண்டி: மொத்தமா போடுங்க. அவசரம்னா உடைச்சுக்கலாம், ஒரு பெர்சன்ட்தானே பிடிப்பாங்க.

சேகர்: பாண்டி அண்ணே, அது எதுலேருந்து கழியுதுன்னு பாருங்க. போட்ட அன்னைக்கு 5 வருஷத்துக்கு 7, ஒரு வருஷத்துக்கு 6.5 சதவீதம்னு வைங்க. ஒரு வருஷத்துல உடைச்சா 7-ல கழிக்க மாட்டாங்க. பணம் இருந்தது ஒரு வருஷம், அதனால 6.5-ல ஒண்ணு போய் 5.5தான். தேவை 80 ஆயிரமா இருந்தாலும் பல பேங்க்ல 5 லட்சத்தையும் மூடணும். பிரிச்சிருந்தா அன்னைக்கு ஒரு லட்சம் முழு வட்டியோட தானா வந்திருக்கும், மத்த நாலும் அசையாது.

மதுரை பாண்டி: அப்ப பிரிச்சாலே போதுமே! அஞ்சு ரசீதையும் 5 வருஷத்துக்கே போடுறேன். ஒண்ணை உடைச்சா உங்க ஒரு வருஷ ரசீதைவிட ஆயிரம் ரூபாய்தான் குறையும். மத்த நாலும் 7-லயே ஓடும்.

சேகர்: நியாயமான கேள்வி. வட்டி இறங்கும்போது உங்க வழிதான் ஜெயிக்கும். ஆனா அஞ்சும் ஒரே நாள்ல முதிரும். 2020 மே மாசம் ரிசர்வ் வங்கி, பேங்க்குகளுக்குக் கடன் குடுக்குற ரெப்போ வட்டியை 4 சதவீதத்துக்கு இறக்குச்சு, 2022 மே வரைக்கும் ஏத்தல. அந்தச் சமயத்துல எல்லாம் முதிர்ந்தவங்க எல்லாத்தையும் குறைஞ்ச வட்டியிலதான் திரும்பப் போட்டாங்க. தேதி தள்ளித் தள்ளி இருந்தா அடி ரெண்டு ரசீதோட போயிருக்கும்.

தஞ்சை மீனாட்சி: நானும் இப்படித்தான் பிரிச்சேன், ஆட்டோ ரினியூவல் டிக் பண்ணிட்டு மறந்துட்டேன். அவங்க பழைய காலத்துக்கே புதுப்பிச்சுக்கிட்டு வந்திருக்காங்க. ஒரு வருஷ ரசீது வருஷா வருஷம், ரெண்டு வருஷம் ரெண்டுக்கு ஒருதரம். மூணு வருஷம் கழிச்சு ரசீதுகளை விரிச்சுப் பார்த்தா, நாலாவது வருஷம் ஒரே தேதியில மூணு முதிருது!

சேகர்: செல்வி, இதைக் கவனிங்க. முதிர்ந்ததும் பணம் சேமிப்புக் கணக்குக்கு வரணும்னு எழுதிக் குடுங்க. அன்னைக்கே 5 வருஷத்துக்குப் புதுசா போடுங்க. வரிச்சேமிப்பு எஃப்டி மட்டும் வேண்டாம், அதை 5 வருஷத்துக்கு நடுவுல உடைக்க முடியாது.

கோவை செல்வி: முதல் வருஷத்துக்குள்ளயே தேவை வந்தா?

சேகர்: அதுக்கு இந்த முறை உதவாது. ஒரு லட்சத்தைச் சேமிப்புக் கணக்குலயே வைங்க, மீதி நாலைப் பிரிங்க. ரெண்டு வாரத்துல இன்சூரன்ஸ் பணம் வந்துடும்னா எஃப்டி மேல கடன் வாங்குங்க. எஃப்டி வட்டியைவிட ஒண்ணு, ரெண்டு சதவீதம் கூட இருக்கும், ஆனா ரசீது உடையாது.

மதுரை பாண்டி: ஆட்டோ ரினியூவலும் இல்லேன்னா, தேதி தவறுற அன்னைக்கெல்லாம் பணம் சேமிப்புக் கணக்கு வட்டியில தூங்கும். அவங்க அப்பா தேதி பார்ப்பாரா, அதைச் சொல்லுங்க முதல்ல.

கோவை செல்வி: அப்பா பார்க்க மாட்டார். நான்தான் பார்க்கணும்.