புதுப்பிப்பு: முயலின் திடீர்த் துள்ளல்

போன வாரம் நான் கேட்டது: "எங்க முயல் சாயங்காலம் திடீர்னு எகிறி, அந்தரத்துல உடம்பை முறுக்கி, கண்டபடி ஓடுது. வலிப்பா?"

வலிப்பு இல்லைங்க! கும்பகோணத்துல கால்நடை டாக்டர்கிட்ட வீடியோவைக் காட்டினேன். "தலை ஒரு பக்கம், இடுப்பு மறுபக்கம் திரும்புது. ஆனா காலை ஊன்றி இறங்கி, ஓடி முடிச்சதும் புல்லைக் கடிக்குது பாருங்க. சந்தோஷத் துள்ளல்"னார். வலிப்புன்னா பக்கவாட்டுல விழுந்து காலை உதைக்குமாம்.

காதுப் பூச்சின்னு சொன்ன அண்ணனுக்கு: காதையும் பார்த்தார், சுத்தமா இருக்கு. பூச்சி இருந்தா தலையை உதறும், காதைச் சொறியும், உள்ளே பழுப்பாப் பொருக்கு தட்டும். மன்னார்குடி அக்கா, உங்க முயல் தலை சாய்ஞ்சு உருளுதுன்னீங்களே, அது துள்ளல் இல்ல. இன்னைக்கே காட்டுங்க.

டாக்டர் கவலைப்பட்டது எங்க தாழ்வாரத்து மொசைக் தரைக்குத்தான். முயலோட பின்னங்கால்ல பலம் அதிகம், முதுகெலும்போ மெலிசு. வழுக்கி முறுக்கினா எலும்பே முறியலாம். நெல்லு சாக்கை விரிச்சேன். நேத்து அஞ்சரைக்குக் கூண்டைத் திறந்ததும் மூணு துள்ளல், ஒரு தடவைகூட சறுக்கல.

அந்தரத்துல ஏன் முறுக்கணும்? துரத்துற மிருகத்தை ஏமாத்தப் பழகுற பழக்கமா இருக்கலாம்னார், உறுதியாச் சொல்லல.