கலைச்சொல் தேவை: 'ரவுண்டிங்', 'சப்ஸ்கோர்' (வெள்ளிக்கிழமைக்குள்)

காட்பாடி, மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு வழிகாட்டிக் குறிப்பைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். இணையத்தில் செருப்பு வாங்கியவர்கள் எழுதும் கருத்துரை, அடுத்து வாங்குபவருக்கு எவ்வளவு உதவும் என்று நான்கு பேர் தனித்தனியாக மதிப்பிடுவார்கள். விவரம், சொந்த அனுபவம், நடுநிலை, பொருளோடு தொடர்பு என நான்கு அளவுகோல்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை முழு எண்ணாக மதிப்பெண். நால்வரின் சராசரியை அரை அரையாக ரவுண்டு செய்து காட்ட வேண்டும். மொத்தம் மட்டும் ரவுண்டு செய்யாத சராசரிகளிலிருந்து வரும்.

மதிப்பிடப்போகிறவர்கள் தமிழ் வழியில் படித்த பெண்கள், பெரும்பாலும் பேரணாம்பட்டுப் பக்கம். அவர்களுக்குப் படித்தவுடன் புரிய வேண்டும். எனக்கு இரண்டு சொற்கள் தேவை. ஒவ்வொரு அளவுகோலுக்கும் தனியாக வரும் மதிப்பெண்ணுக்கு ஒன்று, ரவுண்டிங்குக்கு ஒன்று. 'துணை மதிப்பெண்', 'முழுமையாக்கல்' என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். இரண்டிலும் மனம் ஒட்டவில்லை.

குடியாத்தம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா, 'துணை' வேண்டாம். துணைத்தேர்வு, துணைப்பாடம் என்று நம் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லோடு வேறு நினைவு ஒட்டியிருக்கிறது. 'பகுதி மதிப்பெண்' என்றால் கணக்கில் பாதி வழி சரியாகப் போட்டவனுக்குக் கொடுப்பது. 'அகமதிப்பெண்' செய்முறைத் தேர்வோடு வருவது.

'கூறு' நல்ல சொல். ஆனால் வேற்றுமைப் புணர்ச்சியில் ஆறு + நீர் ஆற்றுநீர் ஆவது போல, கூறு + மதிப்பெண் 'கூற்றுமதிப்பெண்' என்றுதான் வரும். நெடில்தொடர்க் குற்றியலுகரத்தில் ட, ற இரட்டிக்கும். ஆகவே கூற்றுமதிப்பெண்.

வாலாஜா, கல்லூரிக் கணிதப் பேராசிரியர்

ஐயா, கூற்று என்றால் படிப்பவருக்குச் 'சொன்னது' என்றுதான் படும். 'கருத்துரையின் கூற்று' என்று பக்கத்திலேயே வந்தால் குழப்பம். கூற்றுவன் நினைவு வந்தாலும் வியப்பில்லை. இதைக் கூறின் மதிப்பெண் என விரிக்காமல், கூறாகிய மதிப்பெண் என விரித்தால் அல்வழி. அங்கே இரட்டிக்கத் தேவையில்லை. கூறுமதிப்பெண் என்றே எழுதலாம்.

இதை விட ரவுண்டிங்தான் எனக்குப் பெரிய சிக்கலாகத் தெரிகிறது. 4.25-ஐ 4.5 ஆக்கினால் அங்கே எது முழுமை ஆயிற்று? 'முழுமையாக்கல்' அரைக்குப் பொருந்தாது. முழு எண்ணுக்கு மட்டும்தான் அது சரி.

ஆம்பூர், காலணித் தொழில்

எங்களுடைய செருப்புக்கும் இப்படிப் போடுகிறார்கள். ஒருவர் 1 நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனதால் எங்கள் சராசரி 4.3-லிருந்து இறங்கிவிட்டது. தையல் விட்டுப்போச்சு என்று எழுதியிருந்தார். அதையெல்லாம் குறைந்த மதிப்பெண் போட்டு ஒதுக்க இந்த முறையில் வழி உண்டா? ரவுண்டு செய்யும்போது எங்களுக்குச் சாதகமாக மேலே ஏற்றினால் நல்லது.

காட்பாடி

அண்ணா, இது செருப்புக்குப் போடும் மதிப்பெண் இல்லை. கருத்துரைக்குப் போடுவது. தையல் விட்டதை, எந்த இடத்தில், எத்தனை மாதத்தில் என்று சொல்லியிருந்தால் 1 நட்சத்திரம் போட்டவரின் கருத்துரை விவரத்தில் 5 வாங்கும். 'சூப்பர், வாங்கலாம்' என்று 5 நட்சத்திரத்தோடு எழுதியவருக்கு விவரத்தில் 1 கிடைக்கும்.

குறிப்பில் வரும் மாதிரியையே தருகிறேன்:

"மூணு மாசம் போட்டேன். தோல் நல்லா இருக்கு. குதிகால் பக்கம் தையல் விட்டுடுச்சு. எப்பவும் 8 போடுவேன், இதில் 9 வாங்க வேண்டியதாப் போச்சு. கொண்டுவந்த பையன் ரொம்ப லேட்."

விவரத்துக்கு நால்வரும் 4, 4, 4, 5 போட்டார்கள், சராசரி 4.25. அனுபவம் 5, 5, 4, 5, அதாவது 4.75. நடுநிலை 3, 3, 4, 3, அதாவது 3.25. கடைசி வரி செருப்பைப் பற்றியது அல்ல, அதனால் தொடர்பு 3, 3, 2, 3, அதாவது 2.75. நான்கின் சராசரி 3.75.

மூலக் குறிப்பில் "சரிபாதியாக வந்தால் மேலே ஏற்றுக" என்று இருக்கிறது. அதன்படி திரையில் 4.5, 5.0, 3.5, 3.0 என்று வரும். மொத்தம் 3.75.

வேலூர், நிரல் எழுதுபவர்

அக்கா, கணினியில் பின்னம் துல்லியமாக இருக்காது. பைத்தானில் `round(2.675, 2)` கேட்டுப் பாருங்கள், 2.68 வராது, 2.67 வரும். இருமத்தில் 2.675-ஐ அப்படியே எழுத முடியாததால் அது ஒரு நூலிழை குறைவாகச் சேமிக்கப்படுகிறது. அதனால் எந்தச் சொல் வைத்தாலும் விடை நம்ப முடியாது. முதலில் இதைக் குறிப்பில் எழுதுங்கள்.

வாலாஜா

தம்பி சொல்வது பொதுவாகச் சரி. ஆனால் இந்தக் கணக்கில் அது வராது. நான்கு பேரின் சராசரி எப்போதும் கால், அரை, முக்கால், முழுது என்றுதான் விழும். கால் இருமத்தில் துல்லியமாகவே எழுதப்படும். இங்கே நூலிழைச் சிக்கல் இல்லை, விதிச் சிக்கல்தான் இருக்கிறது. இதையும் போட்டுப் பாருங்கள்:

```
>>> round(4.25 * 2) / 2
4.0
>>> round(4.75 * 2) / 2
5.0
```

விரிதாளில் `=MROUND(4.25, 0.5)` போட்டால் 4.5 வரும். பைத்தானின் `round` சரிபாதியில் இரட்டைப்படைப் பக்கம் போகும், விரிதாள் மேலே ஏற்றும். குறிப்பு ஒன்று சொல்லி நிரல் வேறு செய்தால், பிழை எந்தச் செய்தியும் காட்டாமல் உள்ளே உட்கார்ந்துகொள்ளும். 4.25-ஐ இரண்டு இடத்திலும் கொடுத்துப் பார்த்தால் வெளியே வந்துவிடும்.

வழக்கமாகச் சரிபாதி அபூர்வமாக வரும் என்று விட்டுவிடுவோம். நால்வர் முறையில் அப்படி விட முடியாது. காலும் முக்காலும் இரண்டும் சரிபாதிதான். ஆகவே எல்லாவற்றையும் மேலே ஏற்றினால் சாய்வு ஒரே பக்கம் சேரும். அம்மா தந்த மாதிரியில் நான்கு கூறும் ஏறின. திரையில் தெரியும் எண்களைக் கூட்டி நான்கால் வகுத்தால் 4.0 வருகிறது, கீழே 3.75 என்று இருக்கிறது. 4.0-உம் அதற்கு மேலும் உள்ளவற்றை முதலில் காட்டு என்று யாராவது எல்லை வைத்து, ரவுண்டு செய்த எண்களிலிருந்து கணக்கிட்டால் இந்தக் கருத்துரை தகுதி இல்லாமல் மேலே போய்விடும்.

இரட்டைப்படை விதியில் இதே மாதிரி 4.0, 5.0, 3.0, 3.0 ஆகும். சராசரி 3.75. எப்போதும் இப்படிப் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். நான்கு கூறும் 4.25 என்றால் நான்கும் 4.0 என்று இறங்கும், மொத்தம் 4.25 என்று நிற்கும். ஆனால் நிறைய கருத்துரைகளுக்குச் சேர்த்துப் பார்த்தால் ஒரு பக்கச் சாய்வு இருக்காது.

யாழ்ப்பாணம், ஆசிரியர்

வணக்கம். எங்கட பாடநூல்களில் இதற்கு எப்போதோ சொல் இருக்கிறது: மட்டந்தட்டல். 'கிட்டிய பத்துக்கு மட்டந்தட்டுக' என்று சின்னப் பிள்ளைகளே செய்கிறார்கள். 'கிட்டிய அரைக்கு மட்டந்தட்டுக' என்றால் அரைக்கும் பொருந்தும். புதிதாக ஏன் தேட வேண்டும்?

குடியாத்தம்

ஐயா, அழகான சொல். மட்டப்பலகை, ரசமட்டம் எல்லாம் கொத்தனார் கையில் இன்றும் இருக்கிறது. நெல் அளக்கும்போது மரக்காலில் குவிந்ததைக் கோலால் வழித்துத் தலைதட்டி அளப்பார்கள், அதுவும் இதன் உறவுதான். முந்திரி, காணி, மா, மாகாணி என்று முந்நூற்றிருபதில் ஒன்று வரை பெயர் வைத்த மொழி இது. அரை மாத்திரைக்குக் குற்றியலுகரம், கால் மாத்திரைக்கு மகரக்குறுக்கம் என்று ஓசையைக்கூடக் காலுக்கு அளந்தவர்கள் நாம். இதற்கா சொல் இல்லை? மட்டந்தட்டலை நான் முழுமனதோடு வழிமொழிகிறேன்.

காட்பாடி

ஐயா, எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் 'மட்டம் தட்டுதல்' என்றால் ஒருவரைத் தாழ்த்திப் பேசுவது. 'கருத்துரையின் மதிப்பெண்ணை மட்டந்தட்டவும்' என்று எழுதினால் மதிப்பெண்ணைக் குறைக்கச் சொல்கிறார்கள் என்றே படிப்பார்கள். இந்தப் பெண்கள் குறைத்தும் போட்டுவிடுவார்கள்.

வாலாஜா

அந்தப் பயம் நியாயமானது. ஐயா சொன்ன தலைதட்டலும் ரவுண்டிங் ஆகாது. அது மிச்சத்தை எப்போதும் வெட்டிவிடுவது. வெட்டுவது சின்ன விஷயம் இல்லை. வான்கூவர் பங்குச் சந்தையின் குறியீட்டை 1982-ல் 1000-இல் தொடங்கி, ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் மூன்று தசம இடத்துக்கு மேல் வெட்டிக்கொண்டே வந்தார்கள். 1983 நவம்பரில் அது 524 அளவில் நின்றது. சரியாகக் கணக்கிட்டபோது 1098-ஐத் தாண்டியது. அதனால் தலைதட்டல் என்ற சொல்லை வெட்டுவதற்கென்றே ஒதுக்கி வைக்கலாம், அங்கே அது மிகவும் பொருந்தும்.

ரவுண்டிங்குக்கு 'அண்மையாக்கல்' என் பரிந்துரை. மேலும் கீழும் எதுவும் சொல்லாத சொல்.

குடியாத்தம்

அண்மை தூரத்தைக் குறிப்பது, செயலைக் குறிப்பது அல்ல. கேட்கவே உயிரில்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குப் புரிவது பேரணாம்பட்டுப் பெண்களுக்குப் புரியாதா? பழகினால் புரியும். பழக்கத்துக்கு அஞ்சிச் சொல்லை விட்டால் இன்னொரு நூறாண்டும் ரவுண்டு என்றே சொல்லிக்கொண்டிருப்போம்.

காட்பாடி

ஐயா, பழக்குவதற்கு எனக்கு வெள்ளிக்கிழமை வரைதான் இருக்கிறது.

வாலாஜா ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். இரட்டைப்படை விதியை நிறுவனம் ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் "அரையின் இரட்டைப்படை மடங்குக்கு" என்று எழுதினால் ஒருவருக்கும் புரியாது. எப்படிச் சொல்வது?

வாலாஜா

அரையின் இரட்டைப்படை மடங்கு என்பது முழு எண்தானே! அதனால் விதி மிக எளிமையாகிவிடுகிறது. கால் மிஞ்சினால் விட்டுவிடு, முக்கால் வந்தால் அடுத்த முழு எண்ணுக்குப் போ, அரை வந்தால் அப்படியே வை. அவ்வளவுதான். 4.25 நான்கு, 4.75 ஐந்து, 4.5 நாலரை. இரட்டைப்படை என்ற சொல்லே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துவிடுங்கள். யாராவது விடுப்பில் போய் மூவர் மட்டும் மதிப்பிட்டால் சராசரி மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு என்று விழும். 4.33, 4.67 இரண்டுமே 4.5-க்குத்தான் அருகில். அங்கே சரிபாதி வரவே வராது. காலையும் முக்காலையும் பற்றிய விதி நால்வருக்கு மட்டும்.

வேலூர்

ஐயா, அப்போது நிரலில் விரிதாள் வாய்பாட்டை எடுத்துவிட்டு `round(x * 2) / 2` வைத்துவிடுகிறேன். மூவருக்கும் அது சரியாக வருகிறது, இப்போதுதான் போட்டுப் பார்த்தேன். மொத்தத்தைக் கணக்கிடும்போது பழைய சராசரியையே எடுக்கிறேன்.

காட்பாடி

அனைவருக்கும் நன்றி. அனுப்பிவிட்டேன். அளவுகோலுக்கு வரும் மதிப்பெண் 'கூறுமதிப்பெண்'. ரவுண்டிங்குக்கு வாலாஜா ஐயா சொன்ன 'அண்மையாக்கல்' தலைப்பில் மட்டும் இருக்கிறது. அதற்குக் கீழே கால், முக்கால், அரை மூன்று வரி. மட்டந்தட்டலை அடிக்குறிப்பில்கூட வைக்கவில்லை, மன்னிக்கவும்.

ஆம்பூர்

தங்கச்சி, அந்தத் தையல் விட்ட கருத்துரையை எங்கள் தைக்கும் பிரிவில் படித்துக் காட்டினேன். குதிகால் பக்கம் என்று எழுதியிருந்ததால் எந்த இடத்துத் தையல் என்று உடனே தெரிந்தது. விவரத்துக்கு ஏன் 4.25? எனக்கு 5 போடத் தோன்றுகிறது.

யாழ்ப்பாணம்

உங்கட அவசரம் விளங்குகிறது. ஆனால் ஒரே செயலுக்கு இரண்டு நாட்டில் இரண்டு சொல் என்று இன்னொன்று சேர்ந்துவிட்டது. அடுத்த தொகுப்பில் மட்டந்தட்டலைத் திரும்பவும் வைப்பேன்.

குடியாத்தம்

நானும் வைப்பேன். கூறுமதிப்பெண் அல்வழி என்பதையும் நான் இன்னும் ஏற்கவில்லை. ஆறாம் வேற்றுமைத் தொகை என்பதற்கு விரிவாக எழுதி அனுப்புகிறேன்.