இரணைமடுக் கட்டில் எடுத்த படம்: வெளுத்த வானத்தையும் கறுத்த முகத்தையும் சரிசெய்தது எப்படி?

பரந்தன்காரன்

அம்மம்மாவின் படம் ஒன்றைச் சட்டம் போடக் கொடுக்க வேண்டியிருந்தது. இரணைமடுக் குளக்கட்டில் பின்னேரம் தம்பி எடுத்தது. வெயில் அவவுக்குப் பின்னால். வானமும் தண்ணீரும் பளீரென்று இருக்க, முகம் மட்டும் கறுத்துக் கிடந்தது. தம்பி கமராவை ரோ கோப்பில் வைத்திருந்ததால்தான் அதற்குள் இன்னும் கண், மூக்கு எல்லாம் இருந்தன.

முகம் தெரியும் அளவுக்கு முழுப் படத்தையும் ஏற்றினால் வானம் வெள்ளைத் தாளாகிவிடும், மறுகரை மரங்களும் கரைந்து போகும். ஆகவே முழுப் படத்துக்கும் நான் செய்தது ஒன்றுதான்: Highlights-ஐ −60 வரை இறக்கினேன். சூரியனைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் தவிர, மற்ற இடமெல்லாம் நிறம் திரும்பியது. வானம் பிழைக்கும் என்று தெரிந்த பிறகே முகத்துக்குப் போனேன்.

லைட்ரூமில் Select Subject கொடுத்ததும் ஆளைச் சுற்றி மாஸ்க் வந்தது. அதில் Exposure-ஐ ஏற்ற முகம் மேலே வந்தது. ஆனால் அம்மம்மாவின் நரைமுடி ஓரம் பின்வெயில் பட்டு ஏற்கனவே வெள்ளியாய் மின்னிக்கொண்டிருந்தது. அதுவும் சேர்ந்து ஏறியதால் தலையைச் சுற்றி வெள்ளை வளையம் விழுந்தது. வெளிச்சம் முகத்துக்குத்தான் வேண்டும், முடி ஓரத்துக்கு வேண்டாம். அதனால் அதே மாஸ்க்கை Luminance Range-உடன் Intersect செய்து, இருண்ட பகுதியை மட்டும் வைத்துக்கொண்டேன். எல்லை சட்டென்று வெட்டாமல், மெல்ல மெல்லக் குறையும்படி அந்தப் பட்டையின் மேல்முனையை அகலமாக இழுத்துவிட்டேன். O விசையை அழுத்தினால் மாஸ்க் சிவப்பாகத் தெரியும். முடி ஓரத்தில் சிவப்பு இல்லை, கன்னத்தில் முழுதாக இருக்கிறது என்றால் சரி.

அப்புறம் அளவு. ஆள் முழுவதற்கும் +1.0. அதன் மேல் மென்மையான பிரஷ்ஷால் முகம், கழுத்து, கைகளுக்கு மட்டும் இன்னொரு +0.6. முகத்தை மட்டும் ஒரேயடியாக ஏற்றினால் வேறொரு படத்திலிருந்து வெட்டி ஒட்டிய தலை மாதிரி இருக்கும். சேலையும் கையும் கொஞ்சம் கூடவே வர வேண்டும்.

மாங்குளம் தம்பி

இவ்வளவு வேலை எதற்கு அண்ணா? நான் Shadows-ஐ +100 வரை தள்ளுவேன், முகம் வந்துவிடும். போன வருஷம் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனில் எடுத்த படங்களை அப்படித்தான் சரி செய்தேன்.

வவுனியா ஸ்டூடியோ

தம்பி சொல்வதில் பாதி சரி. வெளிச்ச வித்தியாசம் சிறிதென்றால் Shadows போதும், மாஸ்க் தேவையில்லை. ஆனால் அதற்கு முகம் எது, மரம் எது என்று தெரியாது. அதே அளவு இருண்ட எதையும் தூக்கும். கட்டின் கல்லும் மறுகரைக் காடும் சாம்பலாகி, படத்தில் கறுப்பே இல்லாமல் போகும். +100 போட்ட பிறகும் முகம் இருட்டாகவே இருந்தால் அது மாஸ்க் வேலை.

போன் ஜேபெக் என்றால் இன்னொரு தடையும் உண்டு. அதில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், இருண்ட முகத்துக்குக் கிடைப்பது அதில் அடியில் உள்ள சில படிகள் மட்டும். அவற்றை இழுத்து விரித்தால் கன்னத்தில் திட்டுத்திட்டாகப் பட்டை விழும். என் அனுபவத்தில் ஒரு ஸ்டொப்புக்கு மேல் ஜேபெக் தாங்குவது அபூர்வம். 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிக் கன்னத்தையும் தாடைக்குக் கீழேயும் பாருங்கள், அங்கேதான் முதலில் உடையும்.

பரந்தன்காரரே, ஒன்று சொல்ல வேண்டும். நிழலில் இருக்கும் முகத்துக்கு வெளிச்சம் வருவது வெயிலில் இருந்து அல்ல, நீல வானத்தில் இருந்து. இருட்டாக இருக்கும்வரை அது தெரியாது. ஏற்றியதும் தோல் நீலம் பாய்ந்து, காய்ச்சல்காரர் மாதிரித் தெரியும். பலர் அதை இன்னும் வெளிச்சம் போட்டுச் சரிக்கட்டப் பார்ப்பார்கள், சரிவராது. அந்த முக மாஸ்க்கிலேயே Temp-ஐக் கொஞ்சம் மஞ்சள் பக்கம் நகர்த்துங்கள். Blacks-ஐயும் சிறிது இறக்குங்கள். எதிர்வெயில் லென்ஸுக்குள் சிதறி இருட்டின் மேல் ஒரு புகை மாதிரிப் படர்ந்திருக்கும், அது அதில் விலகும்.

முறிகண்டியான்

முகத்துக்கு ஃபிளாஷ் அடித்திருந்தால் இந்தப் பிரச்சினையே வராது. அல்லது அம்மம்மாவை மற்றப் பக்கம் திருப்பி நிற்க விட்டிருக்கலாம்.

பரந்தன்காரன்

உண்மை அண்ணை, எடுக்கும்போது என்றால் அதுதான் வழி. இது எடுத்து முடிந்த படம், அம்மம்மா இனிக் கட்டு வரை நடந்து வரமாட்டா.

ஸ்டூடியோ அண்ணா, Temp நகர்த்தியதும் முகத்தில் உயிர் வந்தது. ஆனால் எவ்வளவு வெளிச்சம் போதும் என்பதில் வீட்டில் சண்டை. மாமிக்கு முகம் இன்னும் வெள்ளையாக வேண்டுமாம்.

வவுனியா ஸ்டூடியோ

கடைக்கு வருகிறவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். நான் உடன்படுவதில்லை. வெயில் பின்னால் நிற்கிறது என்பதை முடி ஓரமும் தோளும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. நிழலில் உள்ள கன்னம் அந்த வெயில் பட்ட தோளை விட வெளிச்சமானால், காரணம் சொல்லத் தெரியாதவரும் ஏதோ பிழை என்று உணர்வார். படத்தை நகம் அளவுக்குச் சிறிதாக்கிப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது ஒரு வெள்ளை வட்டமாக இருந்தால் கூடிவிட்டது. நிறத்துக்கு அளவுகோலும் படத்திலேயே இருக்கிறது: அவவின் கையைப் பாருங்கள், முகம் அந்தக் கையோடு ஒத்துப்போக வேண்டும். எங்கள் ஆட்களின் தோலை வெளுக்க வைத்து அதற்குத் திருத்தம் என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியாது.

மாங்குளம் தம்பி

கலியாணப் படத்துக்கு இது சரிவராது அண்ணா. பொம்பிளையின் முகம் பின்னால் உள்ள வானத்தை விட மங்கலாக இருந்தால் காசு தர மாட்டார்கள்.

நெடுங்கேணி அக்கா

என்னுடையது வேறு கதை. இடப்பெயர்வில் அல்பங்கள் எல்லாம் போய்விட்டன, அண்ணாவின் படம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். வாசலில் நிற்கிறார், பின்னால் வெளிச்சம், முகம் கறுப்பு. பிரிண்டை ஸ்கான் பண்ணி நீங்கள் சொன்ன மாதிரி முகத்தைச் சுற்றி மாஸ்க் வைத்து ஏற்றினேன். கறுப்பு சாம்பலானது, முகம் வரவில்லை. மாஸ்க் பிழையா?

வவுனியா ஸ்டூடியோ

மாஸ்க் சரி அக்கா. அந்தத் தாளில் முகமே இல்லை. பிரிண்ட் போடும்போது மிக இருண்ட பகுதி முழுக் கறுப்பாக அடைபட்டுவிடும். ரோ கோப்பில் இருட்டுக்குள் பதிவு கிடக்கிறது, இங்கே அப்படி இல்லை. ஆனால் நெகட்டிவில் இருக்கலாம். உறவினர் யாரிடமாவது, அல்லது அந்தக் காலத்தில் படம் கழுவிய இடத்தில் விசாரித்தீர்களா?

நெடுங்கேணி அக்கா

சித்தி வீட்டில் ஒரு பிஸ்கட் தகரத்தில் கொஞ்சம் நெகட்டிவ் கிடக்கிறது. இதுவும் அதற்குள் இருக்குமா தெரியாது.

பரந்தன்காரன்

நான் ஒரு சின்னப் பிரிண்ட் போட்டுப் பார்த்தேன். திரையில் பார்த்ததை விட முகம் ஒரு படி கறுத்து வந்தது. திரையின் வெளிச்சத்தைக் கூட்டி வைத்து வேலை செய்தால் அப்படித்தான் வருமாம். முகப் பிரஷ்ஷில் மட்டும் 0.2 கூட்டிப் பெரிதாகப் போடக் கொடுத்துவிட்டேன். மாமி இன்னும் சமாதானமாகவில்லை.

வவுனியா ஸ்டூடியோ

அக்கா, தகரத்தைத் திறந்தால் நெகட்டிவை ஓரத்தில் மட்டும் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள், துடைக்க வேண்டாம். அதில் எல்லாம் தலைகீழ், வானம் கறுப்பாகவும் அண்ணாவின் முகம் வெளிறியும் தெரியும். அந்த வெளிறலுக்குள் கண் புருவம், மூக்கின் கோடு மெலிதாகவாவது தெரிந்தால் ஸ்கான் பண்ணி எடுக்கலாம், கொண்டுவாருங்கள். முகம் இருக்கும் இடம் படச்சுருளின் வெறும் ஓரம் போலவே இருந்தால் அதில் எதுவும் பதியவில்லை.