ஜரிகைப் பட்டுச் சேலையை ஃப்ரீசரில் வைக்கலாமா?

குன்னூரில் இருக்கிறோம். மழைக்காலம் முடிந்து மர பீரோவைத் திறந்தபோது கம்பளிச் சால்வையிலும் அம்மாவின் காஞ்சிபுரம் பட்டிலும் ஓட்டைகள். அந்துப்பூச்சி என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் நூலாம்படையோ கூடோ எங்குமில்லை. மடிப்புகளில் அரிசியளவில், பழுப்பு வரிகளும் மயிரும் கொண்ட வெற்றுத் தோல்கள் கிடந்தன. ஜன்னலோரம் புள்ளி போட்ட சிறு வண்டுகள். ஆகவே இது கம்பள வண்டின் புழு. அழுக்கும் வியர்வையும் பட்ட இடத்தையே அதிகம் அரித்திருக்கிறது.

நாப்தலீன் உருண்டை போட்டோம். பீரோவில் இடுக்குகள் இருப்பதால் நெடி நிற்கவில்லை. வேப்பிலையும் பயன்படவில்லை. பீரோவின் மூலை முடுக்கெல்லாம் வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்தாயிற்று. கம்பளிகளைத் துவைத்து, காற்றுப் புகாத பையில் இட்டு, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து எடுத்தோம். அவற்றில் புதிய சேதம் இல்லை.

மிச்சமிருப்பது பட்டுதான். சுமார் நாற்பது ஆண்டு பழைய சேலை, அசல் வெள்ளி ஜரிகை, மடிப்புகளில் ஏற்கெனவே நைந்திருக்கிறது. வெயிலில் போட்டால் சாயம் வெளுக்கும் என்று தயங்குகிறோம்.

இத்தகைய பழைய ஜரிகைப் பட்டை யாராவது ஃப்ரீசரில் வைத்து, இழையோ ஜரிகையோ கெடாமல் எடுத்திருக்கிறீர்களா?